உறைதலும் ஒழுகுதலும் ஒருங்கே: பரவிய குழலக உறைவு

குருதி உறைதலும் குருதி ஒழுகுதலும் ஒன்றற்கொன்று எதிரானவை என்றே நாம் பள்ளியில் கற்கிறோம். காயம் பட்ட இடத்தில் குருதி உறைந்தால் ஒழுக்கு நிற்கும். உறையாவிட்டால் ஒழுக்கு தொடரும். ஆயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் நோயாளிகள் சிலரிடம் இவ்விரண்டும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. குருதி எட்டாமையால் கால்விரல் நுனிகள் கருநீலமாகின்றன. அதே நோயாளிக்கு ஈறுகளிலிருந்தும் ஊசி செருகிய இடங்களிலிருந்தும் குருதி கசிகிறது. இது எங்ஙனம் இயலும் என்பதே இவ்வுரையில் நாம் விடை காண முற்படும் வினா.

மருத்துவர்கள் இந்நிலையை டி.ஐ.சி. என்னும் மூன்றெழுத்தால் குறிப்பர். அதனைத் தமிழில் ‘பரவிய குழலக உறைவு’ எனலாம். இப்பெயரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளுண்டு. உறைவு என்பது குருதிக்கட்டி தோன்றுதல். குழலகம் என்பது, அவ்வுறைவு காயத்தின் வாயிலன்றிக் குருதிக்குழலின் உள்ளேயே தோன்றுவதைச் சுட்டும். பரவிய என்பது, ஓரிடத்தில் அடங்காமல் உடலெங்கும் அது நிகழ்வதைச் சுட்டும். பெயரில் உறைவு மட்டுமே உள்ளது, ஒழுக்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்நோய்நிலையில் ஒழுக்கு என்பது உறைவின் விளைவே ஆகும்.

இது தானே தோன்றும் தனிநோயன்று. வேறொரு கடுநோயின் தொடர்ச்சியாகவே வரும். செப்சிஸ், பெருங்காயம், சில மகப்பேற்றுச் சிக்கல்கள், சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியன இதற்குரிய காரணங்கள். இவற்றுள் செப்சிஸை முதன்மையாக எடுத்துக்கொள்வோம். கிருமித்தொற்றை எதிர்த்து உடல் செய்யும் போராட்டம் கட்டுமீறி, உடலின் உறுப்புகளையே குலைக்கத் தொடங்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர்.

இயல்பான உறைதல்

முதலில், நலமுள்ள ஒருவரின் விரலில் கத்தி பட்டால் நிகழ்வதைக் காண்போம். குருதிக்குழலின் சுவருக்கு வெளிப்புறத்தில் உள்ள உயிரணுக்கள் ‘திசுக் காரணி’ எனும் புரதத்தைத் தாங்கி நிற்கின்றன. குழல் முழுமையாக இருக்கும்வரை குருதி அப்புரதத்தைத் தொடுவதில்லை. குழல் வெட்டுண்டதும் தொடுகிறது. அத்தொடுகையே உறைதலுக்குத் தொடக்கம். கல்லீரல் ஆக்கிக் குருதியில் மிதக்கவிட்டுள்ள உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தூண்ட, முடிவில் திரோம்பின் எனும் நொதி உண்டாகிறது. திரோம்பின், குருதியில் கரைந்துள்ள பைபிரினோஜன் எனும் புரதத்தைப் பைபிரின் எனும் இழைகளாக மாற்றுகிறது. குருதித் தட்டுகள் காயத்தின் வாயில் ஒட்டிக் குவிய, பைபிரின் இழைகள் அக்குவியலை வலைபோல் பின்னி இறுக்குகின்றன. ஒழுக்கு நிற்கிறது.

இச்செயல் காயத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கெனக் குருதியில் தடுப்பான்கள் உள்ளன. ஆன்டிதிரோம்பின் எனும் புரதம், இடம்பெயர்ந்து செல்லும் திரோம்பினைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் சி என்பது மற்றொரு தடுப்பான். அது, குழலின் உட்சுவர் உயிரணுக்களின் துணையால் விழிப்புற்று, உறைவுக் காரணிகள் சிலவற்றைச் சிதைக்கிறது. இறுதியில், காயம் ஆறும்போது பிளாஸ்மின் எனும் நொதி பைபிரின் வலையைத் துண்டுதுண்டாக வெட்டிக் கரைக்கிறது. அத்துண்டுகளுள் ஒன்றே டி-டைமர். குருதியில் டி-டைமர் மிகுந்திருந்தால், எங்கோ பைபிரின் வலை பின்னப்பட்டு, பின்னர் வெட்டப்பட்டும் உள்ளது என்று பொருள்.

ஆக, மூன்று செயல்கள் ஒன்றையொன்று அளவுபடுத்துகின்றன: பின்னுதல், தடுத்தல், கரைத்தல். செப்சிஸ் இம்மூன்றையும் ஒருசேரக் கெடுக்கிறது.

தொற்று முற்றிய பின்னர்

குடலில் வாழும் ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் நச்சுக்கொழுப்பு ஒன்று உண்டு. அவை குருதியில் கலந்ததும், மோனோசைட் எனும் வெள்ளையணுக்கள் அந்நச்சை இனங்கண்டு, தம் மேற்பரப்பில் திசுக் காரணியை வெளிக்காட்டத் தொடங்குகின்றன. குழலுக்கு வெளியே இருக்கவேண்டிய பொருள் இப்போது குழலுக்குள்ளேயே சுற்றி வருகிறது. எங்கும் காயமில்லை, ஆயினும் எங்கும் காயம் பட்டதைப்போல் குருதி நடந்துகொள்கிறது.

உடல் இவ்வாறு செய்வது பிழையன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தொற்று ஓரிடத்தில் சிறிதாக இருக்கையில், அவ்விடத்துச் சிறுகுழல்களில் உறைவை ஏற்படுத்திக் கிருமிகளைச் சிக்கவைப்பது பயனுள்ள தற்காப்பே. தொற்று உடலெங்கும் பரவும்போது அதே தற்காப்பும் உடலெங்கும் பரவுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

அதே வேளையில் தடுப்பான்களும் குறைகின்றன. இடைவிடாது தோன்றும் திரோம்பினைப் பற்றிப் பற்றி ஆன்டிதிரோம்பின் செலவாகிவிடுகிறது. குழல்களின் உட்சுவர் அழற்சியால் பழுதுறுவதால், புரதம் சி-யை விழிப்பூட்ட ஆளில்லை. மூன்றாவதாக, கரைக்கும் செயலும் முடங்குகிறது. பழுதுற்ற உட்சுவர் உயிரணுக்கள், பிளாஸ்மின் தோன்றுவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைப் பெருமளவில் வெளியிடுகின்றன. பின்னுதல் மிகுகிறது, தடுத்தல் தளர்கிறது, கரைத்தல் பின்தங்குகிறது. அதன் விளைவாக, மயிரிழையினும் நுண்ணிய குருதிக்குழல்களில் எண்ணற்ற நுண்ணுறைவுகள் தங்கிவிடுகின்றன. சிறுநீரகம், நுரையீரல், தோல், விரல்நுனிகள் முதலியவற்றிற்குக் குருதி சென்று சேர்வது தடைப்படுகிறது.

இருப்புத் தீர்தல்

இனி, ஒழுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு வருவோம். ஒவ்வொரு நுண்ணுறைவும் தன் பங்கிற்குக் குருதித் தட்டுகளையும் பைபிரினோஜனையும் பிற காரணிகளையும் உட்கொள்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 150,000 முதல் 400,000 வரை தட்டுகள் இருப்பது இயல்பு. ஒரு தட்டின் வாழ்நாள் எட்டு முதல் பத்து நாள். எலும்பு மச்சை அந்த வேகத்திற்கு ஈடுகட்டவே பழகியது. நாள் கணக்கில் செலவாக வேண்டியவை மணிக்கணக்கில் செலவாகும்போது, ஆக்கம் செலவை எட்டிப் பிடிக்க இயலாது. கல்லீரல் ஆக்கும் உறைவுக் காரணிகளுக்கும் இதே நிலைதான்.

இருப்புத் தீர்ந்தபின், ஊசி செருகிய சிறு துளைகூட அடைபட மறுக்கிறது. உண்மையான காயத்திற்கு வேண்டிய பொருள், தேவையற்ற இடங்களில் முன்னரே செலவழிந்துவிட்டது. ஆகவே, உறைதலும் ஒழுகுதலும் ஒரே நோயாளியிடம் காணப்படுவது முரணன்று. முன்னது காரணம், பின்னது அதன் விளைவு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், மருத்துவமுறையின் தருக்கம் எளிதில் விளங்கும்.

ஒரு நோயாளியின் ஒரு பகல்

இதனை எண்களோடு விளக்க, ஒரு நோயாளியை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவர்; நீண்டநாள் நீரிழிவு உள்ளவர். இரண்டு நாள் காய்ச்சலும் இடது விலாப்புற வலியும் கண்டு, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். நடுக்கம் உள்ளது, குருதியழுத்தம் தாழ்ந்துள்ளது. இடது சிறுநீரகத்தில் தொற்று என மருத்துவர்கள் கருதி, வளர்சோதனைக்குக் குருதி எடுத்தபின், கிருமிக்கொல்லி மருந்தையும் நீர்மங்களையும் உடனே சிரைவழியே தொடங்குகின்றனர்.

பன்னாட்டுக் குருதி உறைவுக் கழகம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அது நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கிறது. தட்டுகள் 100,000-க்கு மேலிருந்தால் சுழியம். 50,000 முதல் 100,000 வரை ஒன்று. அதனினும் குறைந்தால் இரண்டு. டி-டைமர் மிகவில்லை எனில் சுழியம். ஓரளவு மிகுந்தால் இரண்டு. பெரிதும் மிகுந்தால் மூன்று. புரோதிரோம்பின் நேரம் என்பது, சோதனைக்குழாயில் குருதிநீர் உறைய எடுக்கும் நேரம். அது இயல்பைவிட மூன்று வினாடிக்குள் நீண்டால் சுழியம்; மூன்று முதல் ஆறு வினாடி வரை ஒன்று; ஆறுக்கு மேல் இரண்டு. பைபிரினோஜன் ஒரு லிட்டருக்கு 1 கிராமுக்கு மேலிருந்தால் சுழியம், இன்றேல் ஒன்று. கூட்டுத்தொகை ஐந்தோ அதற்கு மேலோ ஆயின், வெளிப்படையான பரவிய குழலக உறைவு எனக் கொள்வர்.

காலையில் அம்மையாரின் தட்டுகள் 142,000. டி-டைமர் ஓரளவு மிகை. புரோதிரோம்பின் நேரம், இயல்பான 12 வினாடிக்கு மாறாக 14 வினாடி. பைபிரினோஜன் லிட்டருக்கு 4.8 கிராம். மதிப்பெண் இரண்டே. மாலை ஆறு மணிக்கு மீண்டும் சோதிக்கின்றனர். தட்டுகள் 46,000, மதிப்பெண் இரண்டு. டி-டைமர் பெரிதும் மிகை; மூன்று. நேரம் 16 வினாடி, ஒன்று. பைபிரினோஜன் 2.2 கிராம், சுழியம். கூட்டுத்தொகை ஆறு. அதற்குள் ஊசி செருகிய இடத்தில் கட்டுத்துணி நனைந்திருக்கிறது. வலக்காலின் இரு விரல்நுனிகள் குளிர்ந்து நீலம் பாய்ந்துள்ளன. சிறுநீர் வெகுவாகக் குறைந்துள்ளது.

இங்கு மாணவர் கூர்ந்து நோக்க வேண்டியது பைபிரினோஜன் அளவு. இயல்பில் அது லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். எனவே 2.2 என்பது இயல்புக்குள் அடங்கிய எண். சோதனைத்தாளில் அதன்கீழ்ச் சிவப்புக்கோடு இராது. ஆனால் அழற்சி நேரும்போது கல்லீரல் பைபிரினோஜனை மிகுதியாக ஆக்கும். காலையில் 4.8 ஆக இருந்ததும் அதனாலேயே. அந்நிலையிலிருந்து பத்து மணி நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது பெரும் செலவின் அறிகுறி. தனியொரு எண்ணைக் கண்டு அமைதி கொள்ளாமல், இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட சரிவைக் காண வேண்டும். சில மணி நேரத்திற்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்வதன் காரணம் இதுவே.

தட்டுகள் குறைவதெல்லாம் இந்நோய்நிலையே என்று கொள்ளலும் ஆகாது. நம் நாட்டில் டெங்கிக் காய்ச்சலில் தட்டுகள் குறைவதை அனைவரும் அறிவர். பெரும்பாலோரிடம் அது பரவிய குழலக உறைவன்று. முற்றிய கல்லீரல் நோயிலும் தட்டுகள் குறைந்து, புரோதிரோம்பின் நேரம் நீளும். ஆனால் அம்மாற்றம் பெரும்பாலும் திங்கள் கணக்கில் மெல்ல நேர்வது. காரணநோய் ஒன்று இருத்தல், நான்கு சோதனைகளும் ஒருங்கே கெடுதல், மணிக்கணக்கில் சரிதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நோயை உணர்த்துகின்றன.

எதை முதலில் செய்வது?

அம்மையாருக்கு எடுத்த ஊடுகதிர் அடுக்குப்படத்தில், இடது சிறுநீர்க்குழாயில் ஒரு கல் அடைத்திருப்பது தெரிகிறது. அதற்கு மேலே சீழ் கலந்த சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியுள்ளது. கிருமிக்கொல்லி மருந்து அத்தேக்கத்தினுள் போதிய அளவு சென்று சேராது. சீழ் வடியும்வரை நச்சு குருதியில் கலந்துகொண்டே இருக்கும். திசுக் காரணியும் தோன்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அடைப்பை நீக்கியாக வேண்டும். ஆனால் குருதி உறையாத ஒருவருக்குக் கருவி கொண்டு செய்யும் எச்செயலும் ஆபத்தானது. மருத்துவர்கள் எதிர்கொள்ளும் இக்கட்டு இதுதான்: ஒழுக்கு நிற்கும்வரை காத்திருந்தால் காரணம் நீங்காது, காரணத்தை நீக்க முனைந்தால் ஒழுக்கு மிகலாம்.

முன்னர்க் கண்ட தருக்கம் இங்குக் கைகொடுக்கிறது. ஒழுக்கு உறைவின் விளைவு. உறைவு தொற்றின் விளைவு. எனவே தொற்றின் ஊற்றை அடைப்பதே முதற்பணி. குருதிப் பொருள்களை ஏற்றுவது அப்பணிக்கு வழி அமைக்கும் துணைப்பணி. குருதி ஒழுகுபவருக்கும் கருவிச் செயலுக்கு உட்படுபவருக்கும் தட்டுகள் 50,000-க்குக் கீழிருந்தால் தட்டுகளை ஏற்றுவது வழக்கம். அம்மையாருக்கு ஏற்றியபின் எண்ணிக்கை 63,000 ஆகிறது. விலாப்புறத்தில் ஊசி துளைத்துச் சிறுநீரகத்தை எட்டும் வழியை மருத்துவர்கள் தவிர்க்கின்றனர். குருதி நிறைந்த அவ்வுறுப்பைத் துளைத்தால் ஒழுக்கு நேரிடும். மாறாக, சிறுநீர்ப்பை வழியாகக் கீழிருந்து மெல்லிய குழாய் ஒன்றைக் கல்லைக் கடந்து மேலே செலுத்துகின்றனர். கல்லை அப்போது அகற்ற முற்படவில்லை. குழாய் நுழைந்ததும் கலங்கிய சிறுநீர் வடிகிறது.

ஒழுக்கு இல்லாத நோயாளிக்கு, எண்ணைச் சரிசெய்யும் நோக்கத்தால் மட்டுமே தட்டுகளையோ குருதிநீரையோ ஏற்றுவதில்லை. தட்டுகள் 10,000-க்குக் கீழிறங்கினாலன்றி, ஒழுக்கில்லாதவருக்குப் பொதுவாக அவை தேவைப்படுவதில்லை.

‘உறைவே காரணமாயின், உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கலாகாதா?’ என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. புரதம் சி குறைகிறது என்றறிந்த ஆய்வாளர்கள், விழிப்பூட்டிய புரதம் சி-யையே மருந்தாக ஆக்கினர். 2001ஆம் ஆண்டில் அம்மருந்து அமெரிக்காவில் கடுமையான செப்சிஸுக்கு ஒப்புதல் பெற்றது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை எனத் தெரிந்ததால், 2011இல் உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு கண்ணியை மட்டும் சரிசெய்தால், மற்ற கண்ணிகள் அறுந்தே கிடக்கின்றன என்பதை அது காட்டியது. இன்று, ஒழுக்கு இல்லாத நோயாளிக்குக் கால்சிரைகளில் கட்டி தோன்றாதிருக்க, ஹெப்பாரின் மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பர். ஒழுகும் நோயாளிக்கு அதனை நிறுத்தி வைப்பர்.

பெருங்காயத்தில் வேறு முகம்

சாலை விபத்தில் பெருங்காயம் அடைந்தோரிடமும் உறைதல் அமைப்பு குலைகிறது. நசுங்கிய திசுக்களிலிருந்து திசுக் காரணி குருதியில் கலக்கிறது, இருப்பும் செலவாகிறது. ஆனால் கரைக்கும் செயலில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. செப்சிஸில் பிளாஸ்மின் முடங்குகிறது என்று கண்டோம். பெருங்காயத்தின் முதல் சில மணி நேரத்திலோ, பலரிடம் பிளாஸ்மின் மிகையாகச் செயல்பட்டு, காயத்தின் வாயில் தோன்றிய நல்ல உறைவையும் கரைத்துவிடுகிறது. அதனால் இங்கு ஒழுக்கே முந்திக்கொண்டு தோன்றுகிறது. இதனையும் பரவிய குழலக உறைவு என்றே அழைப்பதா, தனிப்பெயரிடுவதா என்பதில் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. டிரானெக்சாமிக் அமிலம் என்பது, பிளாஸ்மின் பைபிரினைக் கரைப்பதைத் தடுக்கும் மருந்து. காயமுற்ற இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியான கிராஷ்-2 ஆய்வு, அம்மருந்து உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. காயம் பட்ட மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே மருந்தை நம் அம்மையாருக்குக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே முடங்கிக் கிடக்கும் கரைத்தல் முற்றும் நின்று, நுண்ணுறைவுகள் மேலும் பெருக வாய்ப்புண்டு. ஒழுகுகிறது என்னும் ஒரே காட்சி, இருவேறு நிலைகளில் இருவேறு மருத்துவத்தை வேண்டுகிறது.

அம்மையாரின் கதையை முடித்துவிடுவோம். குழாய் வைத்த மறுநாள் குருதியழுத்தம் நிமிர்ந்தது. ஊசித்துளைகளில் கசிவு நின்றது. ஐந்தாம் நாள் தட்டுகள், மேலும் ஏற்றாமலே, 118,000 ஆக உயர்ந்தன. இருப்பு நிரம்பியதால் ஒழுக்கு நின்றது. செலவு நின்றதால் இருப்பு நிரம்பியது. சீழ் வடிந்ததால் செலவு நின்றது. ஆனால் உறைவு விட்டுச்சென்ற அழிவு அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. சிறுநீரகம் தேறச் சில வாரங்கள் பிடித்தன. நீலம் பாய்ந்த இரு விரல்நுனிகளுள் ஒன்று சிவந்து மீண்டது. மற்றொன்று கருத்து உலர்ந்தது. இந்நோயில் கண்ணுக்குத் தெரிந்து அச்சுறுத்துவது ஒழுக்கு. உறுப்புகளைப் பறிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உறைவு.